ஸ்லைடிலிருந்து பயிற்சித்தாள்: மூன்று வழிகளில் எதை எடுப்பது?

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்கு ஓர் ஆசிரியரிடம் 24 ஸ்லைடு கொண்ட பவர்பாயிண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தில் தொடங்கி, ஓம் விதி, தொடர் இணைப்பு, பக்க இணைப்பு, ஜூல் வெப்ப விதி வரை வந்து நிற்கிறது. பாடம் நடத்தியாயிற்று. அடுத்த பீரியடில் பிள்ளைகள் கையில் கொடுக்க ஒரு பயிற்சித்தாள் வேண்டும். எல்லோரும் தொடங்கக்கூடிய கேள்வி சில, யோசித்தால் வருகிற கேள்வி சில, எப்போதும் முதலில் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கும் பிள்ளையையும் உட்கார வைக்கிற கேள்வி ஒன்றிரண்டு அதில் இருக்க வேண்டும்.

இதைச் செய்ய மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஸ்லைடு வரிசையிலேயே போய் ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு கேள்வியாக்குவது முதல் வழி. சுலபம், நடுத்தரம், கடினம் என மூன்று தனித்தாள் அடிப்பது இரண்டாவது. ஒரே ஒரு மின்சுற்றை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றியே கேள்விகளைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவது மூன்றாவது. கைடிலிருந்து வெட்டி ஒட்டுவது என்று நாலாவது வழியும் உண்டு. அதற்கு ஸ்லைடே தேவையில்லை, ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

எந்த வழியில் போனாலும் ஸ்லைடுகளை ஒரு தடவை ஆசிரியராக இல்லாமல் கேள்வி எழுதுகிறவராகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு குறி போட்டால் போதும். வாக்கியமாக எழுதிச் சொன்னதா, படமாக மட்டும் காட்டியதா, கணக்காகச் செய்து காட்டியதா, இல்லை ஸ்லைடில் எழுதாமல் வாயால் மட்டும் சொன்னதா? இந்த நாலாவது குறிதான் முக்கியம். 'பக்க இணைப்பில் தொகுபயன் மின்தடை குறையும்' என்று ஸ்லைடில் ஒரு வரி இருக்கும். ஏன் குறைகிறது என்பதை ஆசிரியர் கரும்பலகை பக்கம் திரும்பி வாயால் விளக்கியிருப்பார். அந்த 'ஏன்' ஸ்லைடில் இல்லை. அன்று வகுப்புக்கு வராத பிள்ளைக்கு எங்கேயுமே இல்லை.

கேள்வி எவ்வளவு கடினம் என்பதும் இந்தக் குறிகளை வைத்தே தெரியும். ஸ்லைடில் 2, 3, 5 ஓம் மின்தடைகளைத் தொடராக இணைத்து, 10 வோல்ட் கொடுத்து, மின்னோட்டம் 1 ஆம்பியர் என்று செய்து காட்டியிருந்தால், பயிற்சித்தாளில் 4, 5, 6 ஓம், 30 வோல்ட் என்று கேட்பது புதுக் கேள்வி அல்ல. எண் மாறிய அதே கணக்கு. ஸ்லைடையே பார்க்காத வேறு பள்ளிப் பிள்ளைக்கு அது நடுத்தரக் கேள்வியாக இருக்கலாம். இந்த வகுப்புக்கு அது சுலபம். கேள்விக்குக் கடினம் என்று தனியாக ஒரு குணம் கிடையாது. பார்த்ததற்கும் கேட்பதற்கும் நடுவே உள்ள தூரம்தான் அது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு முதல் வழியைப் பார்ப்போம். ஸ்லைடு வரிசையில் போவதன் பெரிய லாபம் வேகம். மதிய இடைவேளையில் தொடங்கினால் மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும். பாடத்தில் எதுவும் விடுபடாது. ஆனால் ஸ்லைடில் இருப்பவை பெரும்பாலும் வாக்கியங்கள், வாக்கியத்திலிருந்து வருவது கோடிட்ட இடம். 24 ஸ்லைடிலிருந்து 24 கோடிட்ட இடம் வந்தால், எல்லாமே ஒரே படியில் நிற்கும்.

கோடு எங்கே விழுகிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது. 'தொடர் இணைப்பில் எல்லா மின்தடைகளின் வழியாகவும் ஒரே மின்னோட்டம் பாயும்' என்பது ஸ்லைடு வரி. 'மின்னோட்டம்' என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கோடு போட்டால், பிள்ளை அங்கே மின்னோட்டம் அல்லது மின்னழுத்தம் என்று எழுதும். மின்னழுத்தம் என்று எழுதுகிற பிள்ளைக்கு எங்கே குழப்பம் என்று நமக்குத் தெரிந்துவிடும். 'பாயும்' என்ற சொல்லை எடுத்தால் எல்லோரும் சரியாக எழுதுவார்கள், நமக்கு ஒன்றும் தெரியாது. தவறான விடை நமக்கு ஏதாவது சொல்கிற இடத்தில்தான் கோடு போட வேண்டும். இப்படித் தேர்ந்தெடுத்தால் 24இல் ஏழெட்டுதான் தேறும். அந்த ஏழெட்டை வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளலாம், முதல் நாள் வராதவர்களிடம் கொடுத்து அனுப்பலாம். அதற்கு மேல் இந்த வழியிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வேறு படிகள் வேண்டுமென்றால் உடனே கைக்கு வருவது ப்ளூமின் வகைப்பாடு. 1956இல் வந்தது, 2001இல் திருத்தப்பட்டது, பி.எட். படித்த எல்லோரும் எழுதிய விடை. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல் என்று ஆறு படிகள். அந்த ஆறும் சிந்தனையின் வகைகள். அவற்றைக் கடினத்தின் அளவாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல். 'ஓம் விதியைக் கூறுக' என்பது அடிப்படி. ஆனால் 'மாறா வெப்பநிலையில்' என்ற நிபந்தனையை விட்டுவிடாமல் எழுதுகிறவர்கள் எத்தனை பேர் என்று விடைத்தாள் திருத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'பகுப்பாய்க' என்று வினைச்சொல்லை மாற்றிப் போடுவதால் கேள்வி மேலே ஏறிவிடாது. மதிப்பெண்ணும் அப்படித்தான். பொதுத்தேர்வில் ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு என்று மதிப்பெண் ஏறுகிறது. அது விடையின் நீளம். ஒரு மதிப்பெண் கேள்வியில் தடுக்கி விழுந்து, ஏழு மதிப்பெண் கேள்வியை மனப்பாடமாக எழுதித் தள்ளுகிற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

போலிக் கடினம் என்று ஒன்றும் இருக்கிறது. 3 ஓம் என்பதை 3.7 ஓம் ஆக்கினால் பெருக்கல் கடினமாகும், இயற்பியல் அப்படியே இருக்கும். 'பின்வருவனவற்றுள் எது தவறு அல்ல' என்று கேட்டால் தமிழ் கடினமாகும். தேவையில்லாமல் மில்லி ஆம்பியரில் கொடுத்தால் புள்ளி வைக்கிற இடத்தில் தவறுவார்கள். இந்தக் கேள்விகளில் தோற்கிறவர்களுக்கு மின்னோட்டவியல் தெரியவில்லை என்று நாம் எழுதி வைத்துக்கொண்டால் அது பொய்க்கணக்கு.

எண்ணே இல்லாத கேள்வி எவ்வளவு கடினமாக இருக்க முடியும் என்பதற்கு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லில்லியன் மெக்டர்மாட், பீட்டர் ஷாஃபர் இருவரும் 1992இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று மின்கலங்கள். முதல் மின்கலத்தில் ஒரு பல்பு தனியாக. இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடராக. மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். ஐந்தையும் வெளிச்ச வரிசையில் எழுது, காரணம் சொல். அவ்வளவுதான் கேள்வி. தனிப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் சமமாக எரியும், தொடரில் உள்ள இரண்டும் அவற்றைவிட மங்கலாக, தமக்குள் சமமாக எரியும். கல்லூரியில் இயற்பியல் படிக்கும் மாணவர்களில் சரியான வரிசை சொன்னவர்கள் ஏறத்தாழ 15 சதவீதம்தான். சூத்திரம் தெரியாததால் அவர்கள் தவறவில்லை. மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும், வழியில் உள்ள பல்பு அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும் என்ற இரண்டு எண்ணங்கள் ஆழமாக உட்கார்ந்திருந்தன. நம் 24 ஸ்லைடில் எந்த ஸ்லைடும் இந்த இரண்டு எண்ணங்களோடு நேராக மோதாது. பயிற்சித்தாள்தான் அதைச் செய்தாக வேண்டும்.

அதனால்தான் நான் மூன்றாவது வழியின் பக்கம் சாய்கிறேன். ஒரு மின்சுற்றை எடுத்து அதையே பிடித்துக்கொண்டு ஏறுவது. எண்களை நன்றாகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. 3 ஓம், 6 ஓம், 9 வோல்ட் என்று எடுத்துக்கொண்டால் தொடராக இணைத்தாலும் பக்கமாக இணைத்தாலும் விடைகள் சுத்தமாக வரும். தொடரில் மொத்தம் 9 ஓம், மின்னோட்டம் 1 ஆம்பியர். பக்க இணைப்பில் 2 ஓம், 4.5 ஆம்பியர். ஒரு எச்சரிக்கை. ரிமோட் காரில் போடும் சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரியால் 4.5 ஆம்பியர் தர முடியாது. வீட்டில் செய்து பார்க்கிற பிள்ளை ஒருத்தியாவது இருப்பாள். ஆகவே 'மின்கலத் தொகுப்பின் அகமின்தடை புறக்கணிக்கத்தக்கது' என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

இனி கேள்விகள். முதலில் 3 ஓமும் 6 ஓமும் தொடராக இருக்கும் படம் தாளின் மேலே வரும்.

1. படத்தில் உள்ள மின்தடைகள் எந்த இணைப்பில் உள்ளன? எப்படிக் கண்டுபிடித்தாய்?
2. தொகுபயன் மின்தடை எவ்வளவு?
3. சுற்றில் பாயும் மின்னோட்டம் 1 ஆம்பியர் எனக் காட்டுக.
4. ஒவ்வொரு மின்தடையின் குறுக்கேயும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டைக் கண்டுபிடி. இரண்டையும் கூட்டினால் என்ன வருகிறது?
5. அம்மீட்டர் இப்போது 3 ஓமுக்கு முன்னால் இருக்கிறது. அதை இரண்டு மின்தடைகளுக்கும் நடுவில் வைத்தால் அளவு கூடுமா, குறையுமா, மாறாதா?
6. இப்போது 6 ஓமைக் கழற்றி 3 ஓமுக்குப் பக்க இணைப்பில் மாட்டுகிறோம். தொகுபயன் மின்தடை 3 ஓமைவிட அதிகமா, குறைவா? கணக்குப் போடாமல் காரணம் சொல். பிறகு கணக்குப் போட்டுச் சரிபார்.
7. தொடரில் எந்த மின்தடை அதிகம் சூடாகும்? பக்க இணைப்பில் எது? இரண்டு விடையும் ஒன்றா?
8. பக்க இணைப்பில் மூன்றாவதாக ஒரு 9 ஓமையும் சேர்க்கிறோம். 3 ஓம் வழியாகப் பாயும் மின்னோட்டம் என்ன ஆகும்? மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் என்ன ஆகும்?

மூன்றாம் கேள்வியில் விடையைக் கொடுத்துவிட்டு 'எனக் காட்டுக' என்று கேட்டிருப்பது வேண்டுமென்றே செய்தது. ஒரே சுற்றை வைத்துக் கேட்பதில் உள்ள பெரிய ஆபத்து, முதலில் தவறினால் கடைசிவரை எல்லாம் தவறிப்போவது. இரண்டாம் கேள்வியில் 18 ஓம் என்று பெருக்கிப் போட்ட பிள்ளை, மின்னோட்டம் 1 ஆம்பியர் வரவில்லையே என்று தானே திரும்பிப் போய்ப் பார்க்கும். பார்க்காவிட்டாலும் நாலாம் கேள்வியை 1 ஆம்பியர் வைத்தே தொடரலாம். 3 வோல்ட், 6 வோல்ட், கூட்டினால் 9 வோல்ட். இந்த நாலு கேள்விகளும் ஸ்லைடில் செய்து காட்டிய கணக்குக்கு மிக அருகில் இருப்பவை. எல்லோரும் இதுவரை வந்துவிடுவார்கள், வர வேண்டும்.

ஐந்தாவது கேள்வியில் கணக்கே இல்லை. விடை 'மாறாது'. ஆனால் தொடர் இணைப்பில் மின்னோட்டம் சமம் என்று முதல் வழியில் வந்த கோடிட்ட இடத்தில் சரியாக எழுதிய பிள்ளையே இங்கே 'குறையும்' என்று எழுதுவதைப் பார்க்கலாம். வாக்கியம் ஒரு அறையில், படம் வேறொரு அறையில் இருக்கும். 3 ஓம் கொஞ்சம் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு மீதியைத்தானே அனுப்பும் என்று காரணமும் அழகாக எழுதியிருக்கும். இதைக் கொள்குறி வினாவாகக் கேட்டால் மூன்று விடைகள்தான் இயல்பாக வரும். நாலாவதாக எதையாவது திணிக்க வேண்டாம். 80 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து மைக்கேல் ராட்ரிகஸ் 2005இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவும் மூன்று விடைகளே போதும் என்பதுதான். பொதுத்தேர்வில் நாலு இருக்கிறதே என்றால், அந்தப் பழக்கத்துக்கு மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன.

ஆறாவது, ஆசிரியர் வாயால் மட்டும் சொன்ன அந்த 'ஏன்' எழுத்தில் வருகிற இடம். மின்னோட்டம் போக இன்னொரு வழி திறந்திருக்கிறது, அதனால் மொத்தத் தடை குறைகிறது என்ற அளவுக்கு எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். கணக்கில் 2 ஓம் வரும், மிகச் சிறிய மின்தடையான 3 ஓமைவிடக் குறைவு. காரணத்தை முதலில், கணக்கை இரண்டாவதாகக் கேட்கிற வரிசையை மாற்றக் கூடாது. மாற்றினால் 2 ஓம் என்ற விடையைப் பார்த்துவிட்டு 'ஏனென்றால் 2 சிறியது' என்று எழுதி வைப்பார்கள்.

ஏழாவதில்தான் ஸ்லைடு பிள்ளைகளைக் கொஞ்சம் ஏமாற்றியிருப்பது வெளியே வரும். ஜூல் வெப்ப விதி ஸ்லைடில் H = I²Rt என்று பெரிதாக எழுதி, 'வெப்பம் மின்தடைக்கு நேர்த்தகவில் அமையும்' என்று ஒரு வரி இருக்கும். மின்தடை அதிகம் என்றால் சூடு அதிகம் என்று பிள்ளை அதை எடுத்துக்கொள்ளும். தொடரில் அது சரி. ஒரே 1 ஆம்பியர் இரண்டிலும் பாய்கிறது, 3 ஓமில் 3 வாட், 6 ஓமில் 6 வாட். பக்க இணைப்பில் இரண்டின் குறுக்கேயும் அதே 9 வோல்ட். 3 ஓமில் 3 ஆம்பியர் பாய்ந்து 27 வாட், 6 ஓமில் 1.5 ஆம்பியர் பாய்ந்து 13.5 வாட். விடை தலைகீழாகிறது. மின்னோட்டம் மாறாதபோது என்ற நிபந்தனை ஸ்லைடில் சின்ன எழுத்தில் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். இந்தக் கேள்விக்குப் பிறகு அது யாருக்கும் மறக்காது. இதே கருத்துக்கு 60 வாட், 100 வாட் பல்புகளைத் தொடராக மாட்டினால் எது பிரகாசமாக எரியும் என்ற பழைய கேள்வி ஒன்று உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அது டங்ஸ்டன் இழை பல்புக்கான கேள்வி. இன்று பிள்ளைகள் வீட்டில் பார்ப்பது எல்.இ.டி. பல்பு, அதற்குள்ளே ஒரு மின்னணுச் சுற்று இருக்கிறது, இந்தக் கணக்கு அதற்குச் செல்லாது. 3 ஓமும் 6 ஓமுமே போதும்.

எட்டாவது, ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைக்கு. 4.5 ஆம்பியர் வந்துகொண்டிருந்தது, இனி மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஆகவே 3 ஓமின் பங்கு குறையும் என்று எழுதினால், மெக்டர்மாட் கண்ட அதே 'மின்கலம் எப்போதும் ஒரே மின்னோட்டம் தரும்' என்ற எண்ணம் அங்கே இருக்கிறது. உண்மையில் 3 ஓமின் குறுக்கே இன்னமும் 9 வோல்ட்தான், அதனால் அதே 3 ஆம்பியர்தான். மின்கலம் கூடுதலாக 1 ஆம்பியர் தந்து 5.5க்குப் போகும். வீட்டில் ஃபேனைப் போட்டால் லைட் அணைவதில்லையே என்று ஒரு வரி கேட்டால் பலருக்கு அங்கேயே பிடிபடும். ஆனால் அந்த வரியைத் தாளில் அச்சடிக்க வேண்டாம். திணறுகிறவரிடம் போய் வாயால் கேட்பதற்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி மூன்று தாள் வழி. இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடக்கிறது. எழுத்தே கூட்டத் தெரியாத குழந்தையும் பத்தி வாசிக்கும் குழந்தையும் ஒரே வகுப்பில் இருக்கும்போது ஒரே தாள் இரண்டு பேருக்கும் உதவாது. அங்கே பிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலில் இடைவெளி அந்த மாதிரி அமைவதில்லை. யாருக்கு எந்தத் தாள் என்பதைப் போன தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். போன தேர்வில் ஒளியியலில் குறைந்த பிள்ளைக்கு இன்று சுலபத் தாள் போகும். அந்தத் தாளில் ஐந்தாம் கேள்வியும் இருக்காது, எட்டாம் கேள்வியும் இருக்காது. கணக்கில் மெதுவான பிள்ளைகளில் சிலர் எண் இல்லாத அந்த ஐந்தாம் கேள்விக்கு டக்கென்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வாய்ப்பை நாமே எடுத்துவிடுகிறோம். தாளில் எந்த அடையாளமும் போடாவிட்டாலும் யார் கையில் எந்தத் தாள் என்று பத்து நிமிடத்தில் வகுப்புக்கே தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. நடைமுறையில் என்னை அதிகம் உறுத்துவது விடை சொல்லும் நேரம். 40 நிமிடப் பீரியடில் மூன்று தாளுக்கும் பலகையில் விடை பேச முடியாது. ஒரே சுற்று என்றால் படத்தை ஒரு தடவை வரைந்துவிட்டு எல்லோரோடும் பேசலாம்.

பிரிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது கணிதம். பக்க இணைப்பில் 1/3 + 1/6 என்று வரும்போது பகுதிகளைக் கூட்டி 2/9 என்று எழுதி, அதைத் திருப்பி 4.5 ஓம் என்று விடை சொல்வார்கள். கூட்டியது தப்பு, திருப்பியது சரி. 4.5 ஓம், 3 ஓமைவிடப் பெரியது. ஆறாம் கேள்வியின் முதல் பாதியில் 'குறைவு' என்று எழுதிய பிள்ளைக்கு இங்கே ஏதோ இடிக்கிறது என்று தெரியும். அப்படித் தெரிகிற பிள்ளைக்கு மின்னோட்டவியல் வருகிறது, பின்னம்தான் வரவில்லை. அவர்களுக்குச் சுலபமான இயற்பியல் தாள் கொடுத்து என்ன பயன்? அதே தாளோடு பின்னம் கூட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தால் போதும். நான் இதைத் தாளின் அடியிலேயே அச்சடித்து, கோட்டில் உள்பக்கமாக மடித்து வைக்கச் சொல்வேன். வேண்டுகிறவர் பிரித்துப் பார்க்கலாம். கேள்வி எல்லோருக்கும் ஒன்று, உதவி மட்டும் வேறு வேறு.

ஆக, முடிவு எளிது. முதல் வழியிலிருந்து ஏழெட்டுக் கோடிட்ட இடம் முன்பக்கம், ஒரே சுற்றின் எட்டுக் கேள்விகள் பின்பக்கம், அடியில் மடிப்பு. ஒரே ஏ4 தாளில் முடிந்துவிடும். மார்ச் மாதத் திருப்புதல் நேரத்தில், தேர்ச்சி பெற வைப்பதே வேலையாக இருக்கும்போது தனித்தாள் போட்டுக்கொள்ளலாம், அப்போது நோக்கமே வேறு. ஆசிரியருக்குப் பாடத்தில் அவ்வளவு பிடி இல்லை, வேறு பாட ஆசிரியர் ஈடு செய்கிறார் என்றாலும் முதல் வழியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐந்தாம் கேள்விக்கு வரும் தவறான காரணத்தை அந்த இடத்திலேயே பேசித் திருத்தத் தெரியாவிட்டால், கேள்வி கெடுதல்தான் செய்யும்.

ஸ்லைடிலிருந்து தாளுக்கு மாற்றும்போது கைவேலையில் வரும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்லைடுகள் பலவும் பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்தவை. வேர்டில் ஒட்டியதும் மின்னோட்டம் என்பது `kpd;Ndhl;lk;` என்று நிற்கும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தால் சரியாகிவிடும், கண்ணுக்குத் தெரிகிற பிழை என்பதால் பயமில்லை. பயப்பட வேண்டியது ஓம் குறி. சிம்பல் எழுத்துருவில் அடித்த Ω, எழுத்துரு மாறியதும் W ஆகிவிடும். `3Ω` என்பது `3W` என்று அச்சாகும். பார்க்க ஒழுங்காகவே இருக்கும். 3 ஓம் என்றது 3 வாட் ஆகிவிட்டது, ஏழாம் கேள்வியில் உண்மையான வாட் வேறு வருகிறது. ஒவ்வொரு ஓமையும் கண்ணால் பார்த்து மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

படத்தை ஒட்டும் முன் எல்லாக் கோடுகளையும் தேர்ந்தெடுத்து ஒரே குழுவாக்கி, படமாகச் சேமித்து ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மின்தடை ஓரிடம், கம்பி ஓரிடம் என்று சிதறும். கிளிக் செய்யச் செய்யத் தோன்றும் விடைகள் அச்சில் எல்லாம் ஒன்றாக, ஒன்றின்மேல் ஒன்றாக விழும். ஸ்மார்ட் போர்டில் சிவப்பு, நீலம் என்று கம்பிகளைப் பிரித்துக் காட்டியிருந்தால் ஜெராக்ஸில் இரண்டும் சாம்பல். 'சிவப்புக் கம்பியில் பாயும் மின்னோட்டம்' என்ற கேள்வியை A, B என்று புள்ளி வைத்து மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

தாளைத் திருத்திய பிறகு, நாம் கடினம் என்று நினைத்தது நிஜமாகவே கடினமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 40 பேரில் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்ற பங்கு, கேள்வியின் எளிமையைச் சொல்லும். நாலாம் கேள்விக்கு 34 பேர், அதாவது 0.85 என்றால் நினைத்தபடிதான். எட்டாம் கேள்விக்கு 8 பேர், 0.20 என்றால் அதுவும் சரிதான். ஆனால் 0.20 என்பது கேள்வி கடினம் என்றும் சொல்லலாம், கேள்வி மோசம் என்றும் சொல்லலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க மொத்த மதிப்பெண்ணில் மேலே உள்ள 27 சதவீதத்தையும் கீழே உள்ள 27 சதவீதத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள், 40 பேரில் 11, 11. ஆறாம் கேள்விக்கு மேல் 11இல் 9 பேரும் கீழ் 11இல் 3 பேரும் சரி என்றால், வித்தியாசம் 6, அதை 11ஆல் வகுத்தால் 0.55. நன்றாகப் பிரித்துக் காட்டுகிற கேள்வி. ஏதாவது ஒரு கேள்விக்கு மேலே 4 பேர், கீழே 5 பேர் என்று வந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கேள்வியை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் படத்தில் ஒரு கம்பி விட்டுப்போயிருக்கும், இல்லாவிட்டால் அந்த W மறுபடி வந்திருக்கும்.